பின் நம்பர் போடுமுன் பெயரைப் படியுங்கள்

போன் நம்பரைத் தட்டியதும், அல்லது கடையில் க்யூஆர் அட்டையை ஸ்கேன் செய்ததும், திரையில் ஒரு பெயர் வருகிறது. அது எங்கிருந்து வருகிறது என்று நாம் யோசிப்பதில்லை. ஏதோ ஒரு பெயர் வந்துவிட்டதே, சரியான ஆள்தான் என்று தொகையைப் போட்டு, பின் நம்பரையும் போட்டுவிடுகிறோம். அந்தப் பெயரை வங்கிதான் சரிபார்த்துத் தந்தது என்ற நம்பிக்கை வேறு.

வங்கி பெயரைப் பொருத்திப் பார்ப்பதில்லை. 2010 அக்டோபரில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கையிலேயே இது தெளிவாக இருக்கிறது. மின்னணு முறையில் வரும் பணத்தைக் கணக்கு எண்ணை மட்டும் வைத்து வரவு வைக்கலாம். எண்ணைச் சரியாகத் தருவது அனுப்புபவரின் பொறுப்பு. 2016-ல் வந்த யுபிஐயிலும் பணம் போவது முகவரியைப் பார்த்துத்தான், பெயரைப் பார்த்து அல்ல. பெயர் நம் கண்ணுக்குக் காட்டப்படுகிறது, அவ்வளவே. ஒத்துப் பார்க்கிற வேலை முழுக்க நம்முடையது.

திரையில் வரும் பெயருக்கு மூன்று பிறப்பிடங்கள் உண்டு. முதலாவது, உங்கள் போனில் நீங்களே சேமித்து வைத்த பெயர். ‘பால்காரர்’ என்று போட்டிருந்தால் ‘பால்காரர்’ என்றே வரும். அவர் அந்த நம்பரைக் கைவிட்டு, சிம் கம்பெனி அதை வேறொருவருக்குக் கொடுத்திருந்தாலும் உங்கள் போன்புத்தகத்தில் அவர் பால்காரர்தான். இரண்டாவது, க்யூஆர் படத்துக்குள் எழுதி வைக்கப்பட்ட பெயர். அந்தக் கறுப்புக் கட்டங்களைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது இப்படி ஒரு வரிதான்:

```
upi://pay?pa=kadai123@bank&pn=Murugan%20Stores
```

இதில் `pa` என்பது பணம் போகும் முகவரி. `pn` என்பது பெயர். முகவரி மாறினால் பணம் வேறிடம் போகும். பெயர் அப்படியல்ல; க்யூஆரை உருவாக்குபவர் அந்த இடத்தில் எதை வேண்டுமானாலும் எழுதலாம். ‘முருகன் ஸ்டோர்ஸ்’ என்று எழுதிவிட்டு முகவரியில் தன்னுடையதை வைக்க எந்தத் தொழில்நுட்ப மேதையும் தேவையில்லை.

மூன்றாவது பெயர்தான் நமக்கு வேண்டியது. நீங்கள் முகவரியைக் கொடுத்ததும், பணம் போவதற்கு முன்பே, யுபிஐ வலையமைப்பு பெறுபவரின் வங்கியிடம் அந்த முகவரி யாருடையது என்று கேட்கிறது. வங்கி தன் பதிவேட்டில் உள்ள பெயரைத் திருப்பி அனுப்புகிறது. அதுதான் வங்கிப் பெயர். சில செயலிகளில் ‘பேங்கிங் நேம்’ என்று சின்ன எழுத்தில் கீழே இருக்கும். மேலே பெரிய எழுத்தில் செல்லப்பெயரும் படமும் இருக்கும்போது அந்தச் சின்ன எழுத்தை யார் படிக்கிறார்கள்?

இந்தக் குழப்பத்தைக் குறைக்கத்தான், யுபிஐயை நடத்தும் தேசியப் பரிவர்த்தனைக் கழகம் 2025 ஏப்ரலில் ஓர் உத்தரவு போட்டது. பணம் அனுப்புமுன் வரும் திரையிலும், அனுப்பிய பிறகு இருக்கும் பட்டியலிலும் வங்கி தரும் பெயரையே காட்ட வேண்டும். க்யூஆரிலிருந்து எடுத்த பெயரையும், பயனர் தானே வைத்துக்கொண்ட பெயரையும் காட்டக் கூடாது. ஜூன் 30-க்குள் எல்லாச் செயலிகளும் மாறியாக வேண்டும் என்று கெடு. நல்ல உத்தரவு. ஆனால் சரியான பெயரைக் காட்டுவது வரைதான் அது செய்யும். படிப்பதற்கு உத்தரவு போட முடியாது.

படித்தால் என்ன ஆகும் என்பதற்கு மத்தியப் பிரதேசத்தின் கஜுராஹோவில் 2025 ஜனவரியில் நடந்ததைச் சொல்லலாம். இரவோடு இரவாகப் பல கடைகளின் க்யூஆர் அட்டைகள் மாற்றப்பட்டிருந்தன. வாடிக்கையாளர்கள் வழக்கம்போல ஸ்கேன் செய்ய, பணம் வேறு கணக்குக்குப் போனது. ஒரு மருந்துக்கடையில் பணம் செலுத்த வந்தவர், திரையில் வரும் பெயர் மாறியிருக்கிறதே என்று சொன்ன பிறகுதான் கடைக்காரருக்கே விஷயம் தெரிந்தது.

நம் ஊரில் இதற்குமேல் ஒரு சிக்கல் இருக்கிறது: இனிஷியல். ஒரே மனிதர் பாஸ்புக்கில் ‘KUMAR S’, ஆதாரில் ‘குமார் சுப்பிரமணி’, தெருவில் ‘பாபு’. கடைக்குப் பெயர் ‘அம்மன் மளிகை’, கணக்கு மனைவி பெயரில், ‘LAKSHMI R’ என்று. ஆகவே திரையில் வேறு பெயர் வந்தாலே மோசடி என்று பதறவும் முடியாது, பெயர் ஒத்துப்போனதாலேயே நிம்மதி அடையவும் முடியாது. ‘MURUGAN S’ என்ற பெயரில் தமிழ்நாட்டில் எத்தனை கணக்குகள் இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஓர் இலக்கம் மாறிப்போய் இன்னொரு முருகனுக்கே பணம் போனால் பெயர் உங்களைக் காப்பாற்றாது. கேட்டு உறுதி செய்வது ஒன்றே வழி. கேட்பதிலும் ஒரு முறை இருக்கிறது.

வாடகை வீட்டு அட்வான்ஸ் ஒன்றை எடுத்துக்கொள்வோம். தொகை 1,50,000 ரூபாய். புரோக்கர் வாட்ஸ்அப்பில் ஒரு நம்பரை அனுப்பி, “இதுதான் ஹவுஸ் ஓனர் நம்பர், போட்டு விட்ருங்க” என்கிறார். நம்பரைத் தட்டினால் ‘DINESHKUMAR P’ என்று வருகிறது. வீடு காட்டியவரோ பழனிசாமி. இந்த இடத்தில் பலர் ஓனரைக் கூப்பிட்டு, “சார், தினேஷ்குமார்னு வருது, கரெக்டா?” என்று கேட்பார்கள். அவசரத்தில் இருப்பவர் “ஆமா ஆமா” என்று சொல்லிவிடுவார். ஏமாற்ற நினைப்பவரும் அதையேதான் சொல்வார். விடையை நீங்கள் சொல்லாதீர்கள். “சார், உங்க அக்கவுன்ட்ல பேர் என்னன்னு வரும்?” என்று கேளுங்கள். “நம்பர் என் பையனோடதுங்க, பி. தினேஷ்குமார்னு வரும்” என்று அவர் வாயால் வந்தால்தான் அது பதில். இன்னொன்று, அந்த அழைப்பைப் புரோக்கர் அனுப்பிய நம்பருக்குச் செய்யக் கூடாது. வீடு பார்க்கப் போனபோது ஓனரிடமே வாங்கிய நம்பருக்குச் செய்ய வேண்டும்.

பிறகு ஒரு ரூபாய் அனுப்பிப் பார்க்கலாம். “பணம் வந்துச்சா?” என்று கேட்டால் போதாது, எவ்வளவு வந்தது, யார் பெயரிலிருந்து வந்தது என்று அவரைச் சொல்லச் சொல்லுங்கள். அடுத்து பெரிய தொகையை அனுப்பும்போது நம்பரை மறுபடி தட்டாமல், அந்த ஒரு ரூபாய் பதிவைத் திறந்து அதிலிருந்தே அனுப்ப வேண்டும். மறுபடி தட்டினால் சோதித்தது வீண்.

இங்கேதான் வரம்பு குறுக்கே வரும். தனிநபருக்கு யுபிஐ மூலம் ஒரு நாளில் அனுப்பக்கூடியது பொதுவாக 1 லட்சம் ரூபாய். ஒரு ரூபாய் ஏற்கெனவே போய்விட்டதால் அன்றைக்கு மிச்சம் 99,999 மட்டுமே. 1,00,000 என்று போட்டால் நிராகரிக்கப்படும். 99,999 அனுப்பிவிட்டு மீதி 50,000-ஐ மறுநாள் அனுப்ப வேண்டும். அல்லது பெயரைச் சரிபார்த்துவிட்டு நெட்பேங்கிங்கில் நெஃப்ட் செய்ய வேண்டும். நெஃப்டிலும் ஆர்டிஜிஎஸ்ஸிலும் கணக்கு எண்ணைப் போட்டதும் பெயரைக் காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சொல்லியிருந்தது.

ஒரு செயலியில் வரம்பு முடிந்தால் இன்னொரு செயலிக்குத் தாவலாம் என்பது பரவலான நினைப்பு. நடக்காது. வரம்பு செயலிக்கு அல்ல, எத்தனை செயலி வைத்திருந்தாலும் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான். உங்கள் வங்கி 1 லட்சத்துக்கும் கீழே தன் வரம்பை வைத்திருந்தால் அதுதான் செல்லும். புதிதாக யுபிஐ பதிவு செய்தாலோ போன் மாற்றினாலோ முதல் 24 மணி நேரத்துக்குப் பொதுவாக 5,000 ரூபாய்தான். ஐபோனில் சில வங்கிகள் இதை இன்னும் நீட்டுகின்றன. கட்டணத்துக்குக் கடைசி நாளன்று புதுப் போன் வாங்கியவர் மாட்டிக்கொள்வது இதில்தான். திருடியவன் உங்கள் எண்ணைத் தன் போனில் ஏற்றினால் ஒரே மூச்சில் கணக்கைத் துடைக்கக் கூடாது என்பதற்காக வைத்த தடை அது. குறை சொல்ல முடியாது.

மருத்துவமனைக்கும் கல்வி நிறுவனத்துக்கும் 5 லட்சம் வரை செலுத்தலாம் என்று 2023 டிசம்பரில் ரிசர்வ் வங்கி அறிவித்தது. ஆனால் அது அந்த வகையில் முறையாகப் பதிவான கணக்குக்கு மட்டும். கல்லூரிக் கட்டணம் 1,20,000 ரூபாயைச் செலுத்தும்போது ‘தினசரி வரம்பு மீறியது’ என்று வந்தால், உடனே தொகையைப் பிரித்து அனுப்பாதீர்கள். நீங்கள் ஸ்கேன் செய்தது கல்லூரிக் கணக்குதானா, அலுவலக ஊழியர் ஒருவரின் சொந்தக் கணக்கா என்று பெயரை மறுபடி பாருங்கள். வரம்புச் செய்தியே சில நேரம் தவறான ஆளைக் காட்டிக்கொடுக்கும்.

கடைசி வாய்ப்பு பின் நம்பர் கேட்கும் திரை. அதன் மேல்பகுதியில் பணம் எடுக்கப்படும் வங்கி, பெறுபவர் பெயர், தொகை எல்லாம் இருக்கும். பக்கத்தில் உள்ள அம்புக்குறியைத் தொட்டால் விவரம் விரியும். 4,500-க்குப் பதில் 45,000 போட்டிருந்தால் இங்கே தெரிந்துவிடும். பின் போட்ட பிறகு ரத்து என்ற பொத்தானே கிடையாது.

தவறான ஆளுக்குப் போய்விட்டால், செயலியில் அந்தப் பதிவைத் திறந்து புகார் செய்யுங்கள். 12 இலக்கக் குறிப்பு எண்ணை எழுதிக்கொண்டு அன்றே உங்கள் வங்கிக்கும் எழுத்தில் கொடுங்கள். பெற்றவர் சம்மதிக்காமல் வங்கி அந்தப் பணத்தை எடுத்துத் தராது; உங்கள் வங்கி அவருடைய வங்கி மூலம் கேட்கும், அவ்வளவுதான். தெரிந்தே வைத்துக்கொள்வது குற்றம் என்றாலும் அதற்குக் காவல் நிலையம், நீதிமன்றம் என்று அலைய வேண்டியிருக்கும். ஏமாற்றி வாங்கியிருந்தால் கதை வேறு: தாமதிக்காமல் 1930-க்குப் போன் செய்யுங்கள், அல்லது `cybercrime.gov.in` தளத்தில் பதியுங்கள். பணம் அடுத்த கணக்குக்கு நகர்வதற்குள் முடக்க முடிந்தால்தான் திரும்பும். வங்கி 30 நாளில் பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் `cms.rbi.org.in` வழியாகப் புகார் செய்யலாம். அதற்குக் கட்டணம் இல்லை.