=?UTF-8?B? என்று தொடங்கும் பொருள் வரி

தமிழில் பொருள் வரி, அதாவது சப்ஜெக்ட், எழுதிய ஒரு மின்னஞ்சலின் மூல வடிவத்தைத் திறந்து பார்த்தால் அதில் தமிழ் எழுத்து ஒன்றுகூட இருக்காது. உதாரணத்துக்கு இரண்டு வரிகள்:

```
Subject: =?UTF-8?B?4K6k4K6u4K6/4K604K+N?=
 =?UTF-8?Q?_=E0=AE=87=E0=AE=A4=E0=AE=B4=E0=AF=8D?=
```

மின்னஞ்சலின் தலைப்பகுதிக்கான பழைய விதிகள் ஆங்கில எழுத்து, எண், சில குறிகள் அடங்கிய ஆஸ்கி தொகுதியை மட்டுமே ஏற்றன. பிற மொழிகளை அந்தக் குறுகிய வழியிலேயே அனுப்புவதற்காக வகுத்த முறை 1996இல் ஆர்எஃப்சி 2047 என்ற ஆவணமாக வந்தது. இன்றும் அதுவே புழக்கத்தில் இருக்கிறது.

ஒவ்வொரு துண்டும் `=?` என்று தொடங்கி `?=` என்று முடியும். நடுவில் கேள்விக்குறிகள் பிரிக்கும் மூன்று பகுதிகள் உண்டு. முதலாவது எழுத்துத் தொகுதியின் பெயர், இங்கே யூடிஎஃப்-8. இரண்டாவது ஒற்றை எழுத்து: `B` என்றால் பேஸ் 64, `Q` என்றால் கோட்டட் பிரிண்டபிள் முறையின் ஒரு வகை. மூன்றாவதுதான் உண்மையான உள்ளடக்கம்.

`Q` வகையை அவிழ்ப்பது எளிது. `=` குறியை அடுத்து வரும் இரண்டு இலக்கங்கள் பதினாறின் அடிமான எண்ணில் ஒரு பைட்டைச் சொல்கின்றன. `_` என்பது இடைவெளி. மற்ற எழுத்துகள் அப்படியே நிற்கும். ஜெர்மன் நகரமான கோல்னின் பெயர் `=?ISO-8859-1?Q?K=F6ln?=` என்று வரும்; ஓரெழுத்தைத் தவிர மீதியைக் கண்ணாலேயே படித்துவிடலாம். தமிழுக்கு இந்த வசதி கிடையாது. யூடிஎஃப்-8இல் ஒரு தமிழ்க் குறியீடு மூன்று பைட், எனவே `Q` வகையில் ஒவ்வொன்றுக்கும் ஒன்பது இடம் வேண்டும். பேஸ் 64இல் நான்கு போதும்.

அந்த நான்கு எப்படி வருகிறது என்பதை முதல் துண்டின் தொடக்கமான `4K6k` காட்டும். பேஸ் 64 அட்டவணையில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து, இலக்கம், `+`, `/` என்ற வரிசையில் 0 முதல் 63 வரை எண்கள் உண்டு. அதன்படி இந்த நான்கும் 56, 10, 58, 36. ஒவ்வோர் எண்ணையும் ஆறு பிட்டாக எழுதிச் சேர்த்தால் 24 பிட். எட்டெட்டாக வெட்டினால் `E0 AE A4` என்ற மூன்று பைட். யூடிஎஃப்-8 விதிப்படி அது யூனிகோடின் `0BA4`, அதாவது 'த'. அடுத்தடுத்த நான்குகள் 'ம', இகரக் குறி, 'ழ', புள்ளி ஆகியவற்றைத் தர, 'தமிழ்' முழுமையாகிறது. தமிழ்க் குறியீடுகளின் பைட்டுகள் `E0 AE` அல்லது `E0 AF` என்றே தொடங்குவதால், இடைவெளி குறுக்கிடாத வரை ஒவ்வொரு நான்கும் `4K6` அல்லது `4K+` என்று ஆரம்பிக்கும். பழகியவர் அவிழ்க்காமலே 'இது தமிழ்' என்று சொல்லிவிடுவார்.

இரண்டாம் துண்டில் `_` முதலில் நிற்பதற்கும் காரணம் உண்டு. அடுத்தடுத்த இரு துண்டுகளுக்கு இடையே உள்ள வெற்றிடத்தையும் வரி முறிவையும் அவிழ்க்கும்போது நீக்கிவிட வேண்டும் என்பது விதி. எனவே வேண்டிய இடைவெளியைத் துண்டுக்குள்ளேயே வைக்க வேண்டும். அது இருப்பதால்தான் விடை 'தமிழ் இதழ்' என்று வருகிறது. இல்லாவிட்டால் இரு சொற்களும் ஒட்டிக்கொள்ளும். துண்டை அடுத்துச் சாதாரண ஆங்கிலச் சொல் வந்தால் அந்த இடைவெளி நிலைக்கும்.

ஒரு துண்டு 75 எழுத்தைத் தாண்டக் கூடாது. மேற்கண்ட உறைக்கே 12 போய்விடும். மிச்சத்தில் பேஸ் 64 முறையில் 15 தமிழ்க் குறியீடுகள் அடங்கும், `Q` முறையில் ஏழுதான். ஆகவே நீண்ட தமிழ் வரி பல துண்டாவது இயல்பு. தொல்லை பெரும்பாலும் அந்த வெட்டில்தான். ஒரு குறியீட்டின் மூன்று பைட்டுகளையும் ஒரே துண்டில் வைக்க வேண்டும் என்ற விதியைச் சில அனுப்பும் நிரல்கள் மதிப்பதில்லை. அப்போது துண்டுகளைத் தனித்தனியே எழுத்தாக்கும் செயலியில் வெட்டுப்பட்ட இடத்தில் `�` தோன்றும். பைட்டுகளை முதலில் ஒட்டிவிட்டுப் பிறகு எழுத்தாக்கினால் சொல் மீண்டுவிடும். `à®` என்பது திரும்பத் திரும்பத் தெரிந்தால் கோளாறு வேறு: பைட்டுகள் சரி, எழுத்துத் தொகுதியின் பெயர் தவறு. யூடிஎஃப்-8 தமிழை மேற்கு ஐரோப்பியத் தொகுதியாகப் படித்ததன் அடையாளம் அது.

கையால் அவிழ்ப்பது புரிந்துகொள்வதற்கு மட்டும். வேலைக்குப் பைத்தான் மொழியின் இந்த வரிகள் போதும். `s` என்பதில் `Subject:` நீங்கலான பகுதியை வைக்க வேண்டும்.

```python
from email.header import decode_header, make_header
print(make_header(decode_header(s)))
```

தலைப்பகுதியில் யூடிஎஃப்-8ஐ நேரடியாக எழுத 2012இல் ஆர்எஃப்சி 6532 வழி செய்தது. ஆனால் அஞ்சல் கடந்துசெல்லும் வழங்கிகள் எல்லாம் அதை ஏற்க வேண்டும் என்பதால், `=?` துண்டுகள் இன்னும் ஓயவில்லை.