விடைத்தாளும் ஐந்து நாள் தவணையும்

பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை முடிவு வெளியாகும் தினத்தில், அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துக் கரிசல் கிராமங்களில் இரண்டுவிதப் பேச்சு எழுவதைக் காணலாம். தேறினோர் வீட்டில் எந்தக் கல்லூரி என்ற பேச்சு. எதிர்பார்த்த மதிப்பெண் வராதோர் வீட்டிலோ, "மறுகூட்டல் போட்டுப் பார்ப்போம்" என்ற பேச்சு. இந்த இரண்டாவது பேச்சில்தான் பெரும் பிசகு மறைந்து கிடக்கிறது. மறுகூட்டல் என்பதும் மறுமதிப்பீடு என்பதும் ஒன்றே எனப் பலர் எண்ணி, ஒன்றுக்குப் பணம் கட்டி மற்றொன்றை இழந்துவிடுகின்றனர்.

மறுகூட்டல் கணக்குப்பிள்ளையின் வேலை. திருத்தியவர் போட்ட மதிப்பெண்களை மீண்டும் கூட்டிச் சரிபார்ப்பதோடு அது முடிந்துவிடும். விடை சரியா, அதற்கு இட்ட மதிப்பெண் நியாயமா என்ற விசாரணை அதில் கிடையாது. அவ்விசாரணை மறுமதிப்பீட்டிலேயே உண்டு. அது ஆசிரியரின் வேலை. அந்த வாசலுக்குள் நுழைய வேண்டுமாயின் முதலில் விடைத்தாளின் நகலைக் கேட்டுப் பெற்றிருக்க வேண்டும். நகல் பெறாதவருக்கு மறுமதிப்பீடு இல்லை. நகல் கோருவோர் அதே பாடத்திற்கு அச்சமயம் மறுகூட்டல் கோரலாகாது என்றும், நகல் கைக்கு வந்தபின் மறுகூட்டலோ மறுமதிப்பீடோ கேட்கலாம் என்றும் அரசுத் தேர்வுகள் இயக்ககம் தன் 2024-ஆம் ஆண்டு அறிவிப்பில் தெளிவாகவே கூறியது. ஆகவே, முதல் நாளிலேயே அவசரப்பட்டு மறுகூட்டலுக்குக் கையெழுத்திட்ட பிள்ளை, தன் விடைத்தாளைக் கண்ணால் காணும் வாய்ப்பையும் அதோடு மறுமதிப்பீட்டையும் கைநழுவ விட்டதாகவே கொள்ளவேண்டும்.

2024-ஆம் ஆண்டின் அறிவிப்பையே எடுத்துக்கொள்வோம். முடிவு வெளியான நாள் மே 6, திங்கட்கிழமை. விண்ணப்பத் தவணை மறுநாள் மே 7 காலை 11 மணிக்குத் தொடங்கி, மே 11 சனிக்கிழமை மாலை 5 மணிக்கு முடிந்தது. நகலுக்குப் பாடம் ஒன்றுக்கு 275 ரூபாய். மறுகூட்டலுக்கு உயிரியலுக்கு மட்டும் 305 ரூபாய், ஏனைய பாடங்களுக்கு 205 ரூபாய். பள்ளியில் பயின்றோர் தம் பள்ளி வழியாகவும், தனித்தேர்வர்கள் தாம் எழுதிய தேர்வு மையத்தின் வழியாகவும் ரொக்கமாகச் செலுத்தவேண்டும். இத்தேதிகள் அவ்வாண்டுக்கு மட்டுமே உரியவை. முந்திய ஆண்டின் பத்திரிகைக் கத்தரிப்பை நம்பித் தேதி கணக்கிடுவது அபாயம். அந்தந்த ஆண்டின் அறிவிப்பையே பார்க்கவேண்டும்.

ஐந்து நாள் என்பது பட்டணத்துப் பிள்ளைக்குப் போதும். நம் பக்கத்து நிலைமை வேறு. பரீட்சை முடிந்ததும் பிள்ளை திருப்பூரில் பனியன் வேலைக்கோ சாத்தூர் பக்கம் தீப்பெட்டி வேலைக்கோ போயிருக்கும். முடிவைக் கைப்பேசியில் அறிந்து, ஊர் திரும்பி, கோடை விடுமுறையில் பள்ளி அலுவலகம் திறந்திருக்கும் வேளை பார்த்துப் போவதற்குள் மூன்று நாள் ஓடிவிடும். ஆகையால், முடிவு வந்த அன்றே தலைமையாசிரியரிடம் தகவல் சொல்லி வைப்பது உத்தமம்.

இனி, திருச்சுழிப் பக்கத்து மாணவி ஒருத்தி வேதியியலில் நூற்றுக்கு 78 பெற்றதாக வைத்துக்கொள்வோம். அதில் செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. இரண்டும் முழுமையாக வந்துவிட்டன. ஆக, எழுத்துத் தேர்வில் 70-க்கு 48. சர்ச்சைக்கு இடமாவது இந்த 48 மாத்திரமே.

அவள் 275 ரூபாய் கட்டி, கொடுத்த ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறாள். அச்சீட்டு இன்றி நகலை இறக்கிக்கொள்ள இயலாது. நகல் வந்ததும் முதற்காரியமாக, உட்பக்கங்களில் போட்ட மதிப்பெண்களைக் கூட்டி முகப்போடு ஒப்பிடுகிறாள். 48 சரியாகவே வருகிறது. இவள் முதலிலேயே மறுகூட்டல் கேட்டிருந்தால் 205 ரூபாய் வீண்.

பிறகு இயக்ககத்தின் விடைக்குறிப்பை அருகில் வைத்து, பாட ஆசிரியர் ஒருவரைக் கொண்டு ஒவ்வொரு விடையாகப் பார்க்கிறாள். மூன்று மதிப்பெண் விடை ஒன்று பக்கத்தின் அடியில் திருத்தாமலே விடுபட்டிருக்கிறது. ஐந்து மதிப்பெண் கணக்கு ஒன்றில் இறுதி எண் பிழை. அதற்காகத் திருத்தியவர் இரண்டே போட்டிருக்கிறார். சூத்திரத்திற்கும் பிரதியிட்டதற்கும் விடைக்குறிப்பு தனித்தனியே மதிப்பெண் தருவதால், நான்கு வந்திருக்கவேண்டும். இவ்விரண்டிலும் சேர்ந்து ஐந்து மதிப்பெண் பாக்கி. ஆனால் வேறொரு விடைக்கு இரண்டுக்குப் பதில் மூன்று தாராளமாக விழுந்திருக்கிறது. மறுமதிப்பீட்டில் முழுத்தாளும் பார்க்கப்படும். அந்தத் தாராளமும் கண்ணில் படும். வரவு ஐந்து, செலவு ஒன்று, நிகரம் நான்கு என்று கணக்கிட்டுக்கொள்வதே புத்தி.

ஒரு மதிப்பெண் வினாக்களில் அவளுக்கு ஓர் ஏமாற்றமும் காத்திருக்கிறது. குறியீட்டையும் விடையையும் சேர்த்து எழுதும்படி வினாத்தாள் கேட்கிறது. இரண்டில் ஒன்று பிசகினாலும் மதிப்பெண் இல்லை. அவள் விடையைச் சரியாக எழுதிக் குறியீட்டை மாற்றி எழுதியிருக்கிறாள். அங்கே வாதாடிப் பயனில்லை.

நான்கு மதிப்பெண் அற்பமா? பொறியியல் சேர்க்கைக்கான கட்-ஆப் கணக்கில் கணிதம் நூறு, இயற்பியல் ஐம்பது, வேதியியல் ஐம்பது என்று இருநூறுக்குக் கணக்கிடப்படுகிறது. வேதியியலின் 78 அங்கே 39. 82 ஆனால் 41. இரண்டு முழு கட்-ஆப் மதிப்பெண் என்பது தரவரிசையில் பெருந்தொகைப் பிள்ளைகளைத் தாண்டும் தூரம். அதற்கு மறுமதிப்பீட்டுக் கட்டணம் 505 ரூபாய். நகலோடு சேர்த்து 780. 2024-25-இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலையின் தினக்கூலி 319 ரூபாய். அத்தாயின் இரண்டு நாள் கூலிக்கும் மேற்பட்ட தொகை இது. கண்மூடி ஆறு பாடங்களுக்கும் கட்டாமல், ஐயமுள்ள ஒரு பாடத்திற்கு நகல் வாங்கிப் பார்த்து, நிகரமாக வரும் என்று ஆசிரியர் சொன்னால் மாத்திரம் அடுத்த படி ஏறவேண்டும் என்பதற்குக் காரணம் இதுவே. மறுமதிப்பீட்டின் தவணையோ தனியே அறிவிக்கப்படும். அதுவும் சில நாட்களே.

விடைத்தாளைக் காணும் உரிமை சலுகையாகக் கிடைத்ததன்று. 1984-இல் மகாராஷ்டிரப் பரீட்சை வாரிய வழக்கில், விதியில் இடமில்லாதபோது மறுமதிப்பீடு கோர உரிமை இல்லை என்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. 2011-இல் ஆதித்ய பந்தோபாத்யாய் வழக்கில், தான் எழுதிய விடைத்தாளைப் பார்க்கவும் நகல் பெறவும் தகவல் உரிமைச் சட்டப்படி பரீட்சை எழுதியவருக்கு உரிமை உண்டு என்று அதே கோர்ட் கூறிற்று. எனினும் அச்சட்டம் தாளைக் காட்டுமேயன்றி மீண்டும் திருத்தச் சொல்லாது. பதிலளிக்க அதில் 30 நாள் அவகாசமும் உண்டு. அதற்குள் மறுமதிப்பீட்டுத் தவணை கடந்துபோகக்கூடும். சட்டப்படி பக்கத்திற்கு இரண்டு ரூபாய் என்று கிடைக்கும் தாளுக்கு 275 ரூபாய் ஏன் என்ற கேள்வி நியாயமானதே; கரிசல் காட்டு ஏழைப் பிள்ளைகளுக்கேனும் சர்க்கார் அதைக் குறைக்கலாம். ஆனால் மறுமதிப்பீடு வேண்டுவோருக்கு இன்றைக்கு இயக்ககத்தின் வழியே வழி.

முடிவு வரும்போது தனித்தனியே கடிதம் வராது. மதிப்பெண் மாறியோரின் பதிவெண்கள் மட்டும் இயக்ககத்தின் இணையதளத்தில் பட்டியலாக வெளியிடப்படும். அதில் தன் எண் இல்லையெனில் பழைய மதிப்பெண்ணே நிற்கிறது என்று பொருள்.