லேப் இடிக்கிறது, இடமும் இல்லை: என்ன செய்யலாம்?

அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு படிக்கும் மாணவி ஒருத்திக்குக் கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றும் கட்டாயம் என்று வைத்துக்கொள்வோம். கணிதத்துக்கு ஒரே செக்‌ஷன்தான்: திங்கள், புதன், வெள்ளி காலை 10 மணி. இயற்பியல் லேப்பில் இடம் இருப்பதோ புதன் 9 முதல் 12 வரை. நேரம் இடிப்பதால் கணினி இரண்டையும் சேர்த்துப் பதிய விடாது.

ஒரே செக்‌ஷன் உள்ள பாடத்தை அசைக்க முடியாது. பல செக்‌ஷன் உள்ளதைத்தான் நகர்த்த வேண்டும். செவ்வாய் மதியம் 2 மணி லேப் அவளுக்குத் தோதானது. ஆனால் 3 மணிக்கு வேதியியல் டிஸ்கஷன் வகுப்பு இருக்கிறது. அதே வகுப்பு வியாழக்கிழமையும் நடக்கிறது, இடமும் இருக்கிறது. ஆக, முதலில் வேதியியலை வியாழனுக்கு மாற்றினால் செவ்வாய் மதியம் காலியாகிவிடும்.

இப்படி மாற்றும்போது Drop செய்துவிட்டுப் புதிதாகச் சேரக் கூடாது. விட்ட இடத்தை அடுத்த நொடியே வேறொருவர் எடுத்துக்கொள்ளலாம். பல பல்கலைக்கழகத் தளங்களில் Swap என்ற வசதி உண்டு. புதிய இடம் கிடைத்தால் மட்டுமே அது பழைய இடத்தை விடும். எஃப்-1 விசாவில் இருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். இளங்கலை மாணவர்கள் பொதுவாக ஒரு செமஸ்டருக்குக் குறைந்தது 12 கிரெடிட் வைத்திருக்க வேண்டும். முன் அனுமதி இல்லாமல் அதற்குக் கீழே போனால் விசா நிலைக்கே சிக்கல்.

செவ்வாய் லேப்பும் நிரம்பியிருந்தால் வெயிட்லிஸ்ட்டில் சேரலாம். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். இடம் காலியாகும்போது, வரிசையில் முதலில் இருப்பவருக்கு அந்த நேரத்தில் வேறு வகுப்பு இருந்தால், பல இடங்களில் கணினி அவரைத் தாண்டி அடுத்தவருக்குக் கொடுத்துவிடும். வேதியியலை மாற்றாமல் வெயிட்லிஸ்ட்டில் காத்திருந்தால் அவள் கதியும் அதுதான்.

அடுத்த வழி மின்னஞ்சல். லேப் இடங்கள் மேசைகளையும் பாதுகாப்பு விதியையும் பொறுத்தவை என்பதால் பேராசிரியர் மனமிரங்கினாலும் பயனிருக்காது. லேப் ஒருங்கிணைப்பாளருக்கோ துறை அலுவலகத்துக்கோ எழுத வேண்டும். மாணவர் எண், பாட எண், வேண்டிய செக்‌ஷன் எண், எந்தக் கட்டாயப் பாடத்தோடு இடிக்கிறது, மற்ற எந்தெந்த நேரங்கள் தோதுப்படும் என்று ஐந்தாறு வரி போதும். ‘காலையில் எழ முடியவில்லை’ என்ற காரணம் எடுபடாது. ‘கணிதத்துக்கு வேறு செக்‌ஷன் கிடையாது’ என்பது எடுபடும்.

அவர்கள் ஒப்புக்கொண்டால் பர்மிஷன் நம்பர் ஒன்று வரும். அது வந்ததாலேயே சேர்ந்துவிட்டதாக அர்த்தமில்லை. கெடு முடியுமுன் அதைத் தளத்தில் பதிந்தால்தான் இடம் உறுதி.

பதில் வருவதற்குள் முதல் லேப் நடந்தால், அனுமதி கேட்டு அங்கே போய் நிற்பது நல்லது. முதல் வகுப்புக்கே வராதவர்களின் பெயரைப் பல துறைகள் நீக்கிவிடும். அப்படிக் காலியாகும் இடம், நேரில் வந்து காத்திருப்பவருக்குக் கிடைக்க வாய்ப்பு அதிகம்.