மசோதாவில் எது புதிது?

டீயை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மசோதாவை மாணவருக்கு எப்படிச் சுருக்கிச் சொல்வது என்று சேர்ந்தே பார்ப்போம். 2021 செப்டம்பரில் மைசூரு மாவட்டம் நஞ்சன்கூடு தாலுகாவின் ஹுச்சகணியில், பொது இடத்தில் அனுமதியின்றிக் கட்டப்பட்டதென்று ஒரு கோயிலை அதிகாரிகள் இடித்தார்கள். பெரிய எதிர்ப்பு எழுந்தது. அதே மாதத்தில் கர்நாடகச் சட்டமன்றம் மதக் கட்டுமானங்கள் (பாதுகாப்பு) மசோதாவை நிறைவேற்றியது. சின்ன மசோதா, பழகுவதற்கு நல்லது.

அதைப் படிப்பதற்கு முன், அதுவரை இருந்த நிலையைத் தாளின் இடப்பக்கத்தில் எழுதிக்கொள்வோம். 2009 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் இரண்டு விஷயங்களைச் சொல்லியிருந்தது. பொது இடங்களில் இனி அனுமதியற்ற வழிபாட்டுத் தலங்கள் எழக்கூடாது. ஏற்கெனவே இருப்பவற்றை மாநில அரசு ஒவ்வொன்றாக ஆராய்ந்து முடிவெடுக்க வேண்டும்.

இப்போது மசோதாவின் நோக்க காரண விளக்கவுரை. மத நல்லிணக்கம் காக்கவும் மக்களின் மத உணர்வு புண்படாதிருக்கவும், ஏற்கெனவே உள்ள கட்டுமானங்களுக்குப் பாதுகாப்பு தேவை என்கிறது அது. பெரும்பாலோர் வழுக்குவது இங்கேதான். இதையே சட்டமென்று எடுத்துக்கொண்டு, "எல்லாக் கோயிலும் மசூதியும் தேவாலயமும் காப்பாற்றப்பட்டுவிட்டன" என்று எழுதிவிடுகிறார்கள். வாடகைக்கு வீடு பார்க்கும்போது உரிமையாளர் வாசலில் நின்று சொல்வது போன்றது இந்த உரை. நம்மைக் கட்டுப்படுத்துவது கையெழுத்திடும் ஒப்பந்தம். மசோதாவில் அந்த ஒப்பந்தம் பிரிவுகள்தான். ஒரு பிரிவின் பொருள் தெளிவில்லாதபோது நீதிமன்றம் நோக்கவுரையைப் பார்க்கலாம். ஆனால் பிரிவில் இல்லாத உரிமையை அது தராது.

பிரிவுகளை வலப்பக்கத்தில் எழுதுவோம். சட்டம் அமலுக்கு வரும் நாளில் இருக்கும் கட்டுமானங்களை அரசு பாதுகாக்கும், நீதிமன்ற உத்தரவு எதுவாயினும். இது புதிது, ஒவ்வொன்றாக ஆராய்வது என்ற பழைய வழிக்குப் பதிலாகப் பொதுவான பாதுகாப்பு வருகிறது. உடனே "ஆனால்" என்று ஒரு வரம்புரை: அகற்றுவது குறித்து வழக்கு நிலுவையில் இருந்தால் பாதுகாப்பு கிடையாது. நோக்கவுரையை மட்டும் படித்தவருக்கு இது தெரியவே தெரியாது. அடுத்து, இனிமேல் பொது இடத்தில் அனுமதியின்றிப் புதிதாகக் கட்டக்கூடாது. கண்டிப்பாகத் தொனித்தாலும், இடப்பக்கத்தில் ஏறக்குறைய இதுவே இருக்கிறது. மாணவரின் குறிப்பில் இதற்கு எதிரே "ஏற்கெனவே உள்ளது" என்று எழுத வேண்டும். பாதுகாக்கும் முறை விதிகளுக்கு விடப்பட்டிருக்கிறது. அதையும் குறிக்க வேண்டும், ஏனென்றால் உண்மையான விவரம் அங்கேதான் வரும்.

எழுதிய சுருக்கம் சரியா என்று பார்க்க ஒரு கேள்வி போதும்: ஹுச்சகணியில் இடிந்த அந்தக் கோயிலுக்கு இந்தச் சட்டம் என்ன தருகிறது? பாதுகாப்பு, அமலுக்கு வரும் நாளில் இருப்பவற்றுக்கு மட்டும். அதற்கு முன்பே இடிக்கப்பட்டது அந்தச் சொற்களுக்குள் வரவில்லை.