தீபாவளிக்கு எந்த நிறம்?

ஒரு நிறம் துணிக்கடைக்கு வருவதற்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் முன்பே அதைப் பற்றிய கணிப்பு எழுதப்பட்டுவிடுகிறது. நூற்பாலை, சாயத் தொழிற்சாலை, நெசவாலை, தையல் கூடம் என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் மாதக்கணக்கில் அவகாசம் தேவைப்படுவதே இதற்குக் காரணம். 1963இல் உருவான இன்டர்கலர் அமைப்பில் பல நாட்டு வல்லுநர்கள் கூடி, வரப்போகும் பருவங்களின் நிறங்களைப் பேசி முடிவு செய்கிறார்கள். 1998இல் லண்டனில் தொடங்கிய டபிள்யூ.ஜி.எஸ்.என். நிறுவனம் இத்தகைய அறிக்கைகளைச் சந்தாவுக்கு விற்கிறது. சிறிய ஆடை நிறுவனங்களுக்கு அந்தச் சந்தா கட்டுப்படியாவது அரிது. பான்டோன் நிறுவனம் டிசம்பர்தோறும் அறிவிக்கும் ‘ஆண்டின் நிறம்’ மட்டும் எல்லோருக்கும் இலவசமாகத் தெரிந்துவிடுகிறது.

2025க்கு அறிவிக்கப்பட்ட நிறம் மோக்கா மூஸ் என்னும் மென்பழுப்பு. அதன் எண் 17-1230. துணிக்கான பான்டோன் எண்களில் முதல் இரண்டு இலக்கங்கள் வெளிர்மையைக் குறிக்கும்: 11 மிக வெளிறியது, 19 மிக அடர்ந்தது. நடு இரண்டும் நிற வகையையும், கடைசி இரண்டும் நிறத்தின் செறிவையும் சொல்லும். அறிக்கையைப் படிக்கும் சிறு நிறுவனம் இந்த ஒற்றை எண்ணைப் பிடித்துக்கொண்டு சாயம் ஏற்றுவது தவறு. சாம்பல் போய்ப் பழுப்பு வருகிறதா, பளிச்சிடும் நிறங்கள் மங்குகின்றனவா என்ற போக்குதான் அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது. அந்தப் போக்கு தன் வாடிக்கையாளரை எப்போது வந்தடையும் என்பதை அறிக்கை சொல்லாது. அதைத் தெருவில்தான் பார்க்க வேண்டும்.

சென்னையில் பருத்திக் குர்த்தா தைக்கும் ஒரு சிறு நிறுவனம், 2025 தீபாவளிக்கு 300 குர்த்தா போடத் திட்டமிடுவதாக வைத்துக்கொள்வோம். பண்டிகை அக்டோபர் 20. சரக்கு செப்டம்பர் தொடக்கத்தில் கடையில் இருக்க வேண்டும். அப்படியானால் தையலுக்கு ஜூலை, ஆகஸ்ட், சாயத்துக்கு ஜூன், சாய மாதிரி பார்க்க மே. நிறத்தை முடிவு செய்ய ஏப்ரல் கடைசிதான் கெடு. ஆக, தெருவைக் கவனிக்கக் கிடைப்பது பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை.

தெருவைக் கவனிப்பது வேடிக்கை பார்ப்பதல்ல, எண்ணுவது. பாண்டி பஜாரில் ஓரிடம், வாரநாளில் மாலை ஒரு மணி நேரம், குர்த்தா அணிந்து கடந்து செல்லும் முதல் 100 பெண்கள். நிறக் குடும்பத்துக்கு ஒரு கோடு என்று நோட்டில் போட்டுக்கொண்டே போக வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அதே இடத்தில், அதே நேரத்தில் திரும்ப எண்ண வேண்டும். இடமோ நேரமோ மாறினால் கூட்டமே மாறிவிடும். முந்தைய எண்ணிக்கையோடு ஒப்பிட முடியாது. பழுப்பு 4இலிருந்து 6 ஆனால் அது தற்செயலாக இருக்கலாம். 4, 7, 9, 13 என்று நான்கு முறை தொடர்ந்து ஏறினால் அதை நம்பலாம். கண்ணைக் கவர்ந்ததை மட்டும் குறித்துக்கொள்வதுதான் இங்கே பலரும் செய்யும் பிழை. கண்ணில் படாத சாதாரண நீலம்தான் பெரும்பாலும் அதிகம் விற்கிறது.

வாரநாளில் ஏறும் பழுப்பு, கல்யாண முகூர்த்த நாள் மாலையில் அதே தெருவில் காணவில்லை என்றால் அதற்குப் பொருள் உண்டு. அது அலுவலக நிறமாக வந்திருக்கிறது, பண்டிகை நிறமாக இன்னும் ஆகவில்லை. அப்போது 300இல் பழுப்புக்கு 40 போதும். மீதியில் பெரும்பகுதி சென்ற ஆண்டு பில் புத்தகம் காட்டும் நிறங்களுக்குப் போக வேண்டும். பில் புத்தகத்தையும் கவனமாகப் படிக்க வேண்டும். 20 மட்டுமே தைத்த மெரூன் ஒரு வாரத்தில் தீர்ந்திருந்தால் அதன் தேவை 20தான் என்று ஆகிவிடாது. தீர்ந்தபின் கேட்டு வந்தவர்கள் பில்லில் இல்லை. அதனால் ‘இல்லை’ என்று சொல்லி அனுப்பிய நிறங்களைக் கடைக்காரர் தனியே எழுதிவைப்பது நல்லது.

முடிவான நிறத்துக்குச் சாயப்பட்டறையிலிருந்து லேப் டிப் எனப்படும் சிறு துணி மாதிரிகள் வரும். அவற்றைப் பகல் வெளிச்சத்திலும் கடையின் விளக்கொளியிலும் பார்த்த பிறகே ஒன்றுக்கு ஒப்புதல் தர வேண்டும். பகலில் பொருந்தும் பழுப்பு சில விளக்குகளின் கீழ் பச்சையோ சிவப்போ அடிக்கும். குர்த்தா பருத்தியாகவும் தையல் நூல் பாலியஸ்டராகவும் இருந்தால் இந்த வேறுபாடு தையல் கோட்டிலேயே தெரியும்.

கணிப்பு தவறும் அபாயத்தைக் குறைக்க இன்னொரு வழி, முடிவையே தள்ளிப்போடுவது. இத்தாலியின் பெனட்டன் நிறுவனம் ஸ்வெட்டர்களைச் சாயமில்லாமல் பின்னிவைத்து, எந்த நிறம் விற்கிறது என்று தெரிந்தபின் சாயமேற்றிப் பெயர் பெற்றது. சிறு நிறுவனமும் துணியில் ஒரு பங்கைச் சாயமேற்றாமல் நிறுத்திவைத்து, ஆகஸ்ட் எண்ணிக்கையைப் பார்த்து நிறம் கொடுக்கலாம். ஆனால் சிறு அளவுத் துணிக்குச் சாயப்பட்டறை கிலோவுக்குக் கூடுதல் கூலி கேட்கும். விற்காமல் தேங்கும் சரக்கின் நஷ்டத்தைவிட அந்தக் கூலி குறைவாக இருந்தால்தான் இது லாபம். தள்ளிவைத்த பங்கு முதலிலேயே சிறியதாக இருந்தால் கணக்கு பெரும்பாலும் கட்டிவராது.