நிலாவுக்கு எட்டுக் கண்ணி

ஏழாம் வகுப்பு படிக்கும் அக்கா மகளுக்குப் பள்ளியில் ஒரு செயல்திட்டம் கொடுத்திருந்தார்கள். நிலாவின் எட்டு நிலைகளுக்கும் நிலைக்கு ஒரு கண்ணியாகப் பாட்டு எழுதி, சார்ட்டில் ஒட்ட வேண்டும். “முடிச்சிட்டேன் மாமா, எதுகை மட்டும் பாத்துக் குடுங்க” என்று தாளை நீட்டினாள். எதுகை நன்றாகவே இருந்தது. நிலாதான் தவறாக இருந்தது. பூமியின் நிழல் விழுந்து நிலா தேய்கிறதாம். நள்ளிரவு வானில் மூன்றாம் பிறை சிரிக்கிறதாம்.

நிழல் கதை பெரியவர்கள் பலரும் நம்புவதுதான். அது தவறு என்பதை அரைநிலாவே காட்டிக்கொடுத்துவிடும். உருண்டையான பூமியின் நிழல் எப்போதும் வளைவாகத்தான் விழும். அரைநிலாவின் ஓரமோ ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல நேராக இருக்கிறது. முக்கால் நிலாவில் அந்த ஓரம் வெளிப்பக்கமாகவே பிதுங்கி நிற்கிறது. வட்ட நிழல் கடித்து இந்த வடிவங்கள் வரவே வராது. கிரகணத்தன்று மட்டும்தான் நிலா மீது பூமி நிழல் விழுகிறது.

வாயால் சொன்னால் அவள் கேட்கமாட்டாள் என்று அறையை இருட்டாக்கி, முக உயரத்தில் ஒரு பல்பை எரியவிட்டோம். எலுமிச்சம்பழத்தை ஒரு குச்சியில் குத்தி, கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே இடப்பக்கமாக மெல்லத் திரும்பினாள். பல்புக்கு நேராகப் பிடித்தபோது பழம் கருப்பு: அமாவாசை. கொஞ்சம் திரும்பியதும் ஒரு கீற்று. கால் சுற்றில் பாதி. பல்புக்கு முதுகைக் காட்டியபோது அவள் தலை நிழலே பழத்தின் மேல் விழுந்துவிட்டது. “இதுதான் கிரகணம். பழத்தைத் தலைக்கு மேல தூக்கு” என்றேன். தூக்கியதும் முழு நிலா. நிலா சுற்றும் பாதை சுமார் 5 பாகை சாய்ந்திருப்பதால்தான், வானத்திலும் பெரும்பாலான பௌர்ணமிகளில் நிலா நிழலுக்கு மேலோ கீழோ தப்பிப் போய்விடுகிறது.

பழத்தின் பாதி எப்போதும் வெளிச்சத்தில்தான் இருந்தது. அதில் எவ்வளவு அவளுக்குத் தெரிந்தது என்பதுதான் மாறியது. அதனால் ஒரு விதி வைத்தேன்: ஒவ்வொரு கண்ணியிலும் சூரியன் எங்கே என்று நினைத்துக்கொண்டு எழுத வேண்டும். அது தெரிந்தால் நிலாவின் வடிவமும் அது உதிக்கும் நேரமும் தாமாக வந்துவிடும். நிலாவையே பேசவிட்டோம்.

பகலோன் பக்கம் நிற்கின்றேன்
பகலில் எழுந்து மறைகின்றேன்
வெளிச்சம் முழுதும் மறுபக்கம்
இருட்டு மட்டும் உம்பக்கம்

முதலில் “முகம் அந்தப் பக்கம், முதுகு இந்தப் பக்கம்” என்று எழுதியிருந்தாள். அழகுதான், ஆனால் நிலா நமக்கு முதுகைக் காட்டுவதே இல்லை. எப்போதும் ஒரே முகம்தான். அடித்துவிட்டோம்.

மேற்கில் கதிரோன் விழுந்தவுடன்
மெல்லப் படகாய் மிதக்கின்றேன்
இரவுச் சோறு முடியும்முன்
இறங்கிப் போவேன் கதிரோன்பின்

மூன்றாம் பிறை சூரியனுக்குப் பக்கத்திலேயே இருப்பதால், சூரியன் மறைந்து ஒன்றிரண்டு மணி நேரத்தில் தானும் மறைந்துவிடும். நள்ளிரவில் அதற்கு வேலையே இல்லை. ‘படகு’ என்ற சொல் நம் ஊருக்கே உரியது. வெளிநாட்டுப் படங்களில் பிறை பெரும்பாலும் செங்குத்தாக நிற்கும். நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருக்கும் நமக்கு அது மல்லாந்து கிடக்கும்.

வெள்ளி வட்டம் சரிபாதி
விளக்கு வைத்தால் உச்சியிலே
உள்ள வெளிச்சம் மேற்காக
உறங்கப் போவேன் நள்ளிரவில்

இந்தக் கண்ணிக்குத்தான் சண்டை. ‘வலப்பக்கம் வெளிச்சம்’ என்று இருக்க வேண்டும், புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது என்றாள். வடக்கே தொலைவில் இருப்பவர்களுக்கு நிலா எப்போதும் தென்வானில் தெரிவதால் அந்தக் கணக்கு சரி. நமக்கு அரைநிலா தலைக்கு மேலே நிற்கும். தெற்கு பார்த்து அண்ணாந்தால் வலது, வடக்கு பார்த்து அண்ணாந்தால் இடது. மேற்கு என்று எழுதிவிட்டால் எப்படி நின்று பார்த்தாலும் பொய்யாகாது.

முக்கால் வட்டம் ஆனவுடன்
முழுமை என்று சொல்கின்றீர்
பக்கம் ஒன்று, கிழக்கோரம்
பாரும் இன்னும் நிறையவில்லை

அந்தப் பக்கம் அவன்விழுந்தான்
இந்தப் பக்கம் நானெழுந்தேன்
வந்த வெயிலை முழுதாக
விடிய விடியத் திருப்பிவைத்தேன்

பௌர்ணமிக் கண்ணியின் கடைசி இரண்டு அடியும் அவளுடையவை. நான் கை வைக்கவில்லை.

அதன் பிறகு நிலா ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தாமதமாக உதிக்கும். சங்கடஹர சதுர்த்திக்கு விரதம் இருக்கும் அவள் பாட்டிக்கு இந்தக் கணக்கு அத்துப்படி. பௌர்ணமி கழிந்த நான்காம் நாள் நிலாவைப் பார்க்க, இரவு ஒன்பது மணி வாக்கில் மொட்டை மாடிக்குப் போவார். ஆறாவது கண்ணி பாட்டியைக் கேட்டு எழுதியது.

சோறு தின்று கைகழுவி
சோம்பல் முறிக்கும் நேரத்தில்
ஏறி வருவேன் கிழக்கினிலே
இளைத்த விளிம்பு மேற்காக

பாதி இரவில் எழுகின்றேன்
பால்காரர்க்கு வழிசொல்வேன்
மீதி ஒளியும் கிழக்காக
மேலே நிற்பேன் விடியலிலே

விடியும் முன்னே கிழக்கோரம்
வெள்ளிக் கீற்றாய் எழுகின்றேன்
அடிவான் சிவக்க அவன்வந்தான்
அவனுள் நானும் கரைகின்றேன்

எட்டும் முடிந்ததும் அவளே ஒன்றைக் கண்டுபிடித்தாள். ஒரு சுற்றுக்கு இருபத்தொன்பதரை நாள். அதை எட்டால் வகுத்து ஒரு கண்ணிக்கு ஏறக்குறைய மூன்றே முக்கால் நாள் என்று சார்ட்டில் எழுதப் போனவள், நின்றுவிட்டாள். அமாவாசை, பௌர்ணமி, இரண்டு அரைநிலா ஆகிய நான்கும் கணநேரத்தில் வந்து கடப்பவை. மற்ற நான்கும் ஏறக்குறைய ஆளுக்கு ஒரு வாரம் நீள்பவை. எல்லாக் கட்டத்தையும் ஒரே அளவில் வரையும் படங்களில் இது தெரியாது.

படம் வரையும்போது இன்னொரு பிழையும் வந்தது. பிறையின் இரண்டு கொம்புக்கும் நடுவே ஒரு நட்சத்திரத்தை வைத்துவிட்டாள். அந்த இடம் காலி இல்லை, நிலாவின் இருண்ட பாதி அங்கேதான் இருக்கிறது. மூன்றாம் பிறையன்று உற்றுப் பார்த்தால் அது மங்கலாகத் தெரியவும் செய்யும். பூமியில் பட்ட வெயில் எதிரொளித்து அங்கே போய் விழுகிறது. நட்சத்திரத்தை ரப்பரால் அழித்து, வட்டத்தின் மீதியைப் பென்சிலால் லேசாகப் பூசினாள்.

பாட்டு சரியா என்று நீங்களும் பார்க்கலாம். தினசரிக் காலண்டரில் வளர்பிறை அஷ்டமி எந்த நாள் என்று பார்த்துக்கொண்டு, அன்று மாலை ஆறு மணிக்கு வாசலில் நின்று அண்ணாந்து பாருங்கள். மாதத்தைப் பொறுத்து நிலா வடக்கிலோ தெற்கிலோ சற்றுச் சாய்ந்திருக்கும், நேரமும் கொஞ்சம் முன்பின் ஆகலாம். வெளிச்சம் மட்டும் மேற்குப் பக்கம் இருக்கும்.