பகுதி 14-ஐ யார் தேடுவார்கள்?

மாடித்தோட்டம் பற்றி யூடியூப் சேனல் நடத்தும் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். மூன்று வருடத்துக்கு முன்னால் அவர் 'எங்க வீட்டு மாடித்தோட்டம் – பகுதி 14' என்று ஒரு வீடியோ போட்டார். செம்பருத்தியில் அப்பிக் கிடந்த மாவுப்பூச்சியை வேப்பெண்ணெயும் சோப்புத் தண்ணீரும் தெளித்து எப்படி ஒழித்தார் என்பதுதான் அதில் இருக்கும் விஷயம். பார்த்தவர்களில் பெரும்பாலோர் பாதியில் போகவில்லை. ஆனால் பார்த்தவர்களே சில நூறு பேர்தான். தலைப்பில் செம்பருத்தியும் இல்லை, பூச்சியும் இல்லை. முகப்புப் படமான தம்ப்நெயிலில் மொத்த மாடியும் தூரத்தில் தெரிகிறது. முந்தைய பதின்மூன்று பகுதிகளைப் பார்த்தவருக்குத்தான் பதினாலாவது பகுதி என்பதற்கு அர்த்தம் உண்டு.

இப்படிப்பட்ட வீடியோவைத்தான் தலைப்பும் படமும் மாற்றி எழுப்ப முடியும். சோம்பிக் கிடக்கும் எல்லா வீடியோவையும் அல்ல.

எதை எழுப்பலாம் என்று கண்டுபிடிக்க யூடியூப் ஸ்டூடியோவில் இரண்டு கணக்குகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். தம்ப்நெயில் எத்தனை முறை கண்ணில் பட்டது, அதில் எத்தனை சதவீதம் பேர் கிளிக் செய்தார்கள் என்பது ஒன்று. படம் பாதியளவாவது திரையில் ஒரு விநாடிக்கு மேல் தெரிந்தால்தான் 'கண்ணில் பட்டது' என்று யூடியூப் கணக்கில் எடுக்கும். உள்ளே வந்தவர்கள் எவ்வளவு நேரம் தங்கினார்கள் என்பது இன்னொன்று. கிளிக் குறைவு, தங்கிய நேரம் அதிகம் என்றால் கோளாறு வாசலில் இருக்கிறது. தலைப்பையும் படத்தையும் மாற்றினால் பலன் கிடைக்கும். வந்தவர்களில் பாதிப்பேர் முதல் அரை நிமிடத்திலேயே கிளம்பிவிட்டார்கள் என்றால் கோளாறு வீடியோவுக்குள்ளேயே. அதற்குப் புதுப் படம் போட்டால், ஏமாந்து போகிறவர்களின் எண்ணிக்கைதான் கூடும்.

கிளிக் சதவீதம் எவ்வளவு இருந்தால் நல்லது என்று எல்லோரும் கேட்கிறார்கள். யூடியூப்பிலுள்ள சேனல்களிலும் வீடியோக்களிலும் பாதிக்கு அது 2 முதல் 10 சதவீதத்துக்குள் இருக்கிறது என்று அந்த நிறுவனமே சொல்கிறது. இவ்வளவு அகலமான எல்லையை வைத்துக்கொண்டு பக்கத்துச் சேனலோடு போட்டி போடுவதில் பொருளில்லை. தன் சேனலின் மற்ற வீடியோக்களோடு ஒப்பிடுவதே சரி.

இனி படம். ஒரே வீடியோவுக்கு மூன்று தம்ப்நெயில் வரை ஏற்றி, வெவ்வேறு பார்வையாளர்களுக்கு வெவ்வேறு படத்தைக் காட்டிச் சோதிக்கும் வசதியை யூடியூப் 2024 ஜூனில் பரவலாகத் திறந்தது. 'டெஸ்ட் அண்ட் கம்பேர்' என்ற பெயரில் வந்த இந்தச் சோதனை இரண்டு வாரம் வரை ஓடும். பழைய வீடியோவுக்கும் செய்யலாம். இதில் ஜெயிக்கும் படத்தைத் தீர்மானிப்பது கிளிக் அல்ல, பார்த்த நேரம். பலர் கவனிக்காமல் விடும் இடம் இதுதான்.

நம் செம்பருத்தி வீடியோவையே எடுத்துக்கொள்வோம். முதல் படத்தில் அதிர்ச்சியில் வாய் பிளந்த முகமும் வாடிப்போன செடியும். இரண்டாவதில் வெள்ளைப் பூச்சி மொய்த்த மொட்டு, நெருக்கத்தில். இரண்டும் பத்தாயிரம் முறை காட்டப்படுவதாகக் கணக்குப் போடுவோம். முகம் உள்ள படத்தை 600 பேர் கிளிக் செய்து சராசரியாக இரண்டு நிமிடம் பார்த்தால் மொத்தம் 1,200 நிமிடம். மொட்டுப் படத்தை 450 பேர்தான் தொடுகிறார்கள். ஆனால் தங்கள் வீட்டுச் செடியிலும் அதே பூச்சி இருப்பதால் நான்கு நிமிடம் நிற்கிறார்கள். மொத்தம் 1,800 நிமிடம். கிளிக்கை மட்டும் எண்ணுகிறவர் முதல் படத்தை வைத்துக்கொள்வார். யூடியூப் இரண்டாவதைத் தேர்ந்தெடுக்கும்.

சின்ன சேனல்களுக்கு இந்தச் சோதனை பெரும்பாலும் முடிவு தெரியாமலே முடிகிறது. நாளைக்கு நாற்பது பேர் கண்ணில் படும் வீடியோவில் இரண்டு வாரம் காத்திருந்தாலும் வித்தியாசம் தெரிய ஆள் போதாது. எழுத்தின் நிறத்தை மஞ்சளிலிருந்து வெள்ளைக்கு மாற்றிப் பார்ப்பதெல்லாம் இங்கே வீண் வேலை. மொட்டு, முன்னும் பின்னும் எடுத்த செடியின் படம், கையில் தெளிப்பான் என்று அடிப்படையிலேயே வேறுபட்ட மூன்றை வைத்தால் ஏதாவது தெரிய வாய்ப்புண்டு. அதற்கும் ஆள் போதாவிட்டால், கையால் மாற்றி, மாற்றிய தேதியைக் குறித்துக்கொண்டு காத்திருப்பதுதான் வழி.

தலைப்பு இதைவிட ஆபத்தான இடம். மாற்றும் முன் அந்த வீடியோவுக்குப் பார்வையாளர்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்று பார்த்தே ஆக வேண்டும். சராசரியாகத் தெரியும் ஒரு பழைய வீடியோ, யூடியூப் தேடலில் ஏதோ ஒரு சொல்லுக்கு மாதந்தோறும் சத்தமில்லாமல் ஆட்களைக் கொண்டுவந்துகொண்டிருக்கலாம். எந்தச் சொற்களைத் தேடி வந்தார்கள் என்ற பட்டியல் ஸ்டூடியோவிலேயே உண்டு. 'மாவுப்பூச்சி' என்று தேடி வருகிறார்கள் என்றால், அந்தச் சொல்லை எடுத்துவிட்டு 'இப்படி ஒரு எதிரியா!' என்று தலைப்பு வைப்பது வருமானம் வரும் கதவைத் தானே சாத்துவது. 'செம்பருத்தியில் மாவுப்பூச்சி: வேப்பெண்ணெய் தெளிக்கும் சரியான முறை' என்றால் தேடுபவருக்கும் புரியும், தற்செயலாகப் பார்ப்பவருக்கும் புரியும். `sembaruthi maavu poochi` என்று ஆங்கில எழுத்தில் தட்டுகிறவர்களுக்காக அதை விவரப் பகுதியில் ஒரு வரி சேர்த்தால் போதும்.

பெரிய சேனல்களும் இதைச் செய்கின்றன. 'வெரிடாசியம்' என்ற அறிவியல் சேனலைத் தொடங்கிய டெரெக் முல்லர், வீடியோ வெளியான பிறகும் எண்களைப் பார்த்துத் தலைப்பையும் படத்தையும் மாற்றுவதை 2021-ல் ஒரு வீடியோவிலேயே வெளிப்படையாக விளக்கினார். ஆர்வத்தைத் தூண்டி, சொன்னதைக் கொடுப்பது ஒரு வகை. தூண்டிவிட்டு ஏமாற்றுவது வேறு வகை என்று அவர் பிரித்துக் காட்டினார்.

இப்படி மாற்றினால் சேனலின் மதிப்பு இறங்கிவிடுமா? மாற்றும் செயலுக்காகத் தண்டனை ஏதும் இல்லை என்பதே யூடியூப்பின் விளக்கம். புதுத் தலைப்புக்குப் பார்வையாளர்கள் வேறு மாதிரி நடந்துகொண்டால், பரிந்துரையும் அதற்கேற்ப மாறும். ஒரு வீடியோ சோபிக்காததால் மற்றவையும் சேர்ந்து விழும் என்ற பயமும் பெரும்பாலும் தேவையற்றது. வீடியோவை நீக்கிவிட்டு மறுபடி ஏற்றுவதுதான் உண்மையான நஷ்டம். பார்வைகள், கருத்துகள், பகிரப்பட்ட சுட்டி எல்லாம் அதோடு போய்விடும்.

தண்டனை இருக்கும் இடம் பொய். தலைப்போ படமோ சொல்வது வீடியோவில் இல்லாவிட்டால், குறிப்பாகச் செய்தி சார்ந்தவற்றில், இந்தியாவில் நடவடிக்கையைக் கடுமையாக்கப் போவதாக யூடியூப் 2024 டிசம்பரில் அறிவித்தது. 2021-ல் எடுத்த விலை நிலவரத்துக்குத் தலைப்பில் நடப்பு ஆண்டைப் போடும் தமிழ்ச் சேனல்களின் பழக்கம் அந்த அளவுக்குப் போகாது. ஆனால் பழைய விலையைப் பார்த்தவர் உடனே கிளம்பிவிடுவார், கருத்துப் பகுதியில் திட்டிவிட்டும் போவார். கிளிக் சதவீதம் ஏறி, சராசரிப் பார்வை நேரம் இறங்கினால் வாக்குறுதி வீடியோவை மிஞ்சிவிட்டது என்று பொருள். பழைய தலைப்பையும் படத்தையும் எடுத்து வைத்திருந்தால் அன்றே திருப்பிப் போட்டுவிடலாம்.

ஒரே நாளில் இருபது வீடியோவை மாற்றுவதும், படமும் தலைப்பும் சேர்த்து மாற்றுவதும் எது வேலை செய்தது என்பதை மறைத்துவிடும். செம்பருத்தி வீடியோவுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. வெயிலும் வறட்சியும் சேர்ந்தால் மாவுப்பூச்சி பெருகும். அதைத் தேடுகிறவர்களும் தானாகவே கூடுவார்கள். மார்ச்சில் தலைப்பை மாற்றிவிட்டு ஏப்ரலில் எண் ஏறியதென்றால், மாற்றத்துக்கு முந்தைய 28 நாளோடு மட்டுமின்றி, போன வருட ஏப்ரலோடும் ஒப்பிட்ட பிறகே புதுத் தலைப்பின் கணக்கில் எழுத வேண்டும்.